ஓடுது க்கா

நான் சமீபத்தில் படித்த ஒரு சிறுகதையில் ஒரே கேள்வி மூன்று முறை வருகிறது. "என்னடா, ஓடுதா?" கேட்பவள் அக்கா. பதில் சொல்பவன் பிளஸ் டூ படிக்கும் தம்பி. மூன்று முறையும் அவன் சொல்வது ஒன்றுதான்: "ஓடுது க்கா." முதல் முறை அது சந்தோஷம். இரண்டாம் முறை சமாளிப்பு. மூன்றாம் முறை அந்த இரண்டு வார்த்தையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இன்னும் இரண்டு பக்கம் போகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தோடு எனக்கு இருக்கும் சண்டை.

கதை இன்னும் அச்சில் வரவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கும் இடத்தில் பிரதியாகச் சுற்றியது. எழுதியவர் கல்லூரி மாணவர், இது அவருடைய இரண்டாவது கதை. தலைப்பு இன்னும் முடிவாகவில்லை, பெயரையும் இப்போதைக்குப் போட வேண்டாம் என்றார். கதையைப் பற்றி வெளிப்படையாக எழுதலாமா என்று கேட்டதற்கு "திட்டினாலும் பரவாயில்லண்ணா, எழுதுங்க" என்றார். திட்டுவதற்கு இதில் அதிகம் இல்லை.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். பல்லாவரம் பக்கம் ஒரு வாடகை வீடு. அக்கா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். தம்பி பிளஸ் ஒன் சேர்ந்தபோது, சேர்த்து வைத்திருந்த காசில் ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கித் தருகிறாள். ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்திக் கழித்துவிட்ட லேப்டாப். அதில் அவன் படிக்கவும் செய்கிறான், இரவில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடவும் செய்கிறான். அந்த விளையாட்டின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆறு மாதம் காத்திருக்கிறான். அது வருகிறது. அவன் லேப்டாப்பில் அதை ஆட முடியவில்லை.

விளையாட்டின் பெயரைக் கதை சொல்வதில்லை. ஆனால் ஆடியவர்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். அது கவுன்டர் ஸ்ட்ரைக். 2012இல் வந்த குளோபல் அஃபென்சிவ் பதிப்பு, 2018 கடைசியில் இலவசமானது. காசு கொடுத்து கேம் வாங்க முடியாத வீடுகளுக்குள் அது நுழைந்தது அதற்குப் பிறகுதான். 2023 மார்ச்சில் இரண்டாம் பதிப்பை வால்வ் நிறுவனம் அறிவித்தது, செப்டம்பர் 27ஆம் தேதி வெளியிட்டது. இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது, கதையின் முடிச்சே அதுதான். வழக்கமாகப் புதிய விளையாட்டு வந்தால் பழையது பழைய இடத்திலேயே இருக்கும், வேண்டுமென்றால் புதியதை வாங்கிக்கொள்ளலாம். இதில் அப்படி இல்லை. ஒரு அப்டேட்டாக வந்து, பழையது இருந்த இடத்திலேயே புதியது உட்கார்ந்துகொண்டது. காலையில் ஸ்டீமைத் திறந்தால் நேற்று வரை ஆடிய விளையாட்டு பட்டியலில் இல்லை, அதே இடத்தில் வேறொன்று இருக்கிறது.

அதாவது அந்தப் பையன் ஆறு மாதம் ஆசையோடு காத்திருந்தது, தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைப் பறித்துக்கொள்ளப் போகும் ஒன்றுக்காக. ஆசிரியர் இதை விளக்குவதில்லை. பழைய ஐகானைத் தேடி அவன் மவுஸ் திரையில் அலைவதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டாவது கதை எழுதுகிறவருக்கு இந்த அடக்கம் சாதாரணமாக வராது.

இனி லேப்டாப். இதில் ஆசிரியர் துல்லியமாக இருக்கிறார். மூன்றாம் தலைமுறை ஐ5, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, 4 ஜிபி ரேம். 2012 வாக்கில் அலுவலகங்களில் பரவலாக இருந்த வகை. படங்களை வரைவதற்கு அதில் தனி இயந்திரம் இல்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 என்ற சிறு பகுதிதான் அந்த வேலையையும் பார்க்கும். பழைய விளையாட்டுக்கு அது போதும். 256 எம்பி வீடியோ நினைவகமும் 2 ஜிபி ரேமும் இருந்தால் போதும் என்று சொன்ன விளையாட்டு அது. பையனுக்கு வினாடிக்கு ஐம்பது சொச்சம் பிரேம் வருகிறது என்று கதை சொல்கிறது. நம்பலாம்.

புதியது கேட்பது வேறு. நான்கு திரெட் ஓட்டும் பிராசசர், 8 ஜிபி ரேம், டைரக்ட்எக்ஸ் 11 தெரிந்த கிராஃபிக்ஸ், 85 ஜிபி இடம். அவன் இந்தப் பட்டியலை ஒரு ரஃப் நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் போடுகிறான். இந்தக் காட்சியில்தான் கதை மற்ற 'ஏழைப் பையனின் ஏக்கம்' கதைகளிலிருந்து பிரிந்து வேறு பாதையில் போகிறது. ஏனென்றால் டிக் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஐ5க்கு இரண்டு கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு திரெட் ஓட்டும், ஆக நான்கு. டிக். எச்டி 4000க்கு டைரக்ட்எக்ஸ் 11 தெரியும். டிக். இதற்கு ஒரு வருடம் முந்தைய லேப்டாப்பாக இருந்திருந்தால் உள்ளே எச்டி 3000 இருந்திருக்கும், அதற்கு 11 தெரியாது, 10.1தான். அப்போது விளையாட்டு திறக்கவே திறக்காது. அவனும் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பான். கதையும் இருந்திருக்காது.

இயந்திரம் மறுப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கதவே கிடையாது. தேவையான ஒன்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. இரண்டாம் வகையில் கதவு திறக்கும், உள்ளே கூப்பிட்டு உட்காரவும் வைக்கும், சாப்பாடு மட்டும் வராது. 'குறைந்தபட்சத் தேவை' என்று போடும் பட்டியல் முதல் வகை மறுப்பை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். அந்தப் பட்டியலுக்கு 'இது இருந்தால் புரோகிராம் திறக்கும்' என்பதற்கு மேல் பெரிய அர்த்தமில்லை. திறந்த பிறகு நன்றாக ஆட முடியுமா என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ரஃப் நோட்டில் எழுதி வைத்துப் பார்க்கும் பதினேழு வயசுக்கு அது வாக்குதான்.

டிக் விழாத வரி ஒன்றே ஒன்று, ரேம். இருப்பது 4 ஜிபி, கேட்பது 8. அவன் பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, ரிச்சி தெருவுக்கே போய், பழைய 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி வந்து காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் தானே மாட்டுகிறான். அதற்கு முன் 4 ஜிபியோடு ஆடிப் பார்த்திருக்கிறான், வினாடிக்கு 13 பிரேம். மாட்டிய பிறகு 19.

இந்த எண்ணிக்கையைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சும்மா போட்ட எண் இல்லை இது. எச்டி 4000க்குச் சொந்த நினைவகம் கிடையாது, லேப்டாப்பின் ரேமிலிருந்துதான் எடுத்துப் போட்டு வரைய வேண்டும். ஒரே ஒரு ரேம் இருந்தால் ஒரே ஒரு பாதை. இரண்டு இருந்தால் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் போக்குவரத்து, அகலம் இரட்டிப்பாகிவிடும். அதனால் இடம் கூடியதற்காக மட்டுமல்லாமல், ஜோடி சேர்ந்ததாலேயே வேகம் கொஞ்சம் கூடும். பையனுக்கு இந்தக் காரணம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, எழுநூறு ரூபாய் செலவழித்தேன், ஆறு பிரேம் கூடியது என்பதுதான். தோல்வியை விட மோசமானது அந்த ஆறு பிரேம். ஒன்றுமே கூடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பான்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. திரையின் அளவை 1366க்கு 768இலிருந்து 800க்கு 600 ஆக்குகிறான். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்குகின்றன, இன்னும் சில பிரேம் கிடைக்கிறது. நிழலைக் குறைக்கிறான். பின்னால் ஓடுவதையெல்லாம் மூடுகிறான். முதல் ரவுண்டு நன்றாக வருகிறது, நாலாவது ரவுண்டில் மறுபடி படுத்துவிடுகிறது. லேப்டாப்பின் அடியைத் தொட்டால் இட்லிப் பானை மாதிரி இருக்கிறது. பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே சில்லில் இருப்பதால் இரண்டின் சூடும் ஒரே இடத்தில் சேர்கிறது. ஒரு எல்லை தாண்டினால், எரிந்து போகாமல் இருக்கச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பையன் நான்கு பவண்டோ மூடிகளை நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்து, காற்று போக வழி செய்கிறான். இந்த மூடிகளைக் கற்பனையில் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் வீட்டிலோ ஆசிரியரின் நண்பர் வீட்டிலோ இருந்திருக்கும்.

இந்த ஆறு பக்கமும் கதையின் உயிர். சிலர் எங்கள் கூட்டத்தில் "டெக்னிக்கலா ரொம்ப போகுது" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவசாயி மழைக்குக் காத்திருக்கும் கதையில் கிணற்றில் எத்தனை படி தண்ணீர் தெரிகிறது என்று எழுதினால் யாரும் டெக்னிக்கல் என்று சொல்வதில்லை. இந்தப் பையனுக்குப் பிரேம் எண்ணிக்கைதான் கிணற்றுப் படி.

இந்த விளையாட்டில் அவன் ஆசைப்பட்டது எதற்கு? புகைக்கு. மார்ச்சில் அறிவிப்போடு வந்த வீடியோக்களில் ஒன்று புகைக்குண்டைப் பற்றியது. பழைய பதிப்பில் புகை என்பது ஒரு வெள்ளை மறைப்பு, அவ்வளவுதான். புதியதில் அது இடத்தை நிரப்பும், வாசல் வழியே வழியும், சுட்டால் குண்டு போன பாதையில் ஓட்டை விழுந்து மூடிக்கொள்ளும், வெடிகுண்டு போட்டால் கொஞ்ச நேரம் விலகி நிற்கும். பையன் இந்த வீடியோவை அக்காவின் போனில் இருபது தடவையாவது பார்க்கிறான். அக்காவுக்குப் போட்டுக் காட்டுகிறான். அவள், "சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குடா" என்கிறாள்.

எச்டி 4000 தாங்க முடியாதது எதுவோ, அதுதான் அந்தப் புகை. சுவரை வரைவது சுலபம், ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் கணக்கிட்டால் போதும். புகை பாதி தெரியும் பாதி தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் புகைக்குள்ளே எவ்வளவு ஆழம் போகிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று மறுபடி மறுபடி கணக்குப் போட வேண்டும். திரை முழுக்கப் புகை நிறைந்தால் எல்லாப் புள்ளிக்கும் அந்தக் கதி. செட்டிங்கில் அதன் தரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் புகையே வேண்டாம் என்று எடுத்துவிட முடியாது. எடுக்க விட்டால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் புகைக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்துவிடுவான், நியாயமில்லை. எல்லோருக்கும் ஒரே புகை தெரிய வேண்டும். சமத்துவத்துக்காக வைத்த விதி, இருப்பவர்களிலேயே எளியவனைத்தான் முதலில் அடிக்கிறது. ஆசிரியர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. புகை எழும்போது மூலையில் இருக்கும் எண் 19இலிருந்து 7க்கு இறங்குவதை மட்டும் எழுதுகிறார்.

ஏழு என்றால் என்ன என்று ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன். வினாடிக்கு 60 படம் வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 17 மில்லி வினாடி. ஏழு என்றால் சுமார் 140. எதிரி ஒருவன் ஒரு சந்தைக் கடக்க முந்நூறு மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். அறுபதில் ஆடுபவன் அவனைப் பதினெட்டுப் படத்தில் பார்ப்பான், ஓட்டத்தின் வேகம் புரியும், துப்பாக்கியை அவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியும். ஏழில் ஆடுபவன் இரண்டு படம் பார்ப்பான். ஒன்றில் அவன் இந்தப் பக்கம். அடுத்ததில் அந்தப் பக்கம். மூன்றாவதில் நீங்கள் செத்திருப்பீர்கள்.

இங்கே 'லேக்' என்ற சொல் வருகிறது. நம் ஊரில் கேம் ஆடுகிற எல்லோரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். நெட் மெதுவாக இருந்தாலும் லேக், மெஷின் திணறினாலும் லேக். கதையின் பையனும் முதல் மூன்று இரவு "நெட் லேக் ஆகுது" என்றே சொல்கிறான். கூட ஆடும் முகம் தெரியாத ஒருவன், "பிங் நல்லாத்தானே காட்டுது, ஏன் நின்னுட்டே இருக்க?" என்று கேட்டபோதும் நெட் என்றே சொல்கிறான். கான்சோலில் `cl_showfps 1` என்று அடித்து எண்ணைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்கிறான்.

இரண்டு லேக்கையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. நெட் மெதுவாக இருந்தால் மற்றவர்கள்தான் இங்கிருந்து அங்கே தாவுவார்கள், நீங்கள் மவுஸைத் திருப்பினால் உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு திரும்பும். மெஷின் திணறினால் நீங்கள் தலையைத் திருப்புவதே வெட்டி வெட்டி வரும். அதிலும் சந்தேகம் இருந்தால் நெட்டைப் பிடுங்கிவிட்டு, விளையாட்டே ஓட்டும் பொம்மை ஆட்களோடு ஆடிப் பார்க்கலாம். அப்போதும் வெட்டினால் நெட் மேல் பழி போட முடியாது.

பையன் ஏன் அவ்வளவு நாள் இந்தச் சோதனையைச் செய்யவில்லை? கதையின் நுட்பமான கேள்வி இது, பதிலை ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கிறார். நெட் என்பது வெளியில் இருப்பது, கம்பெனிக்காரன் கொடுப்பது, திட்டலாம். லேப்டாப் அக்கா வாங்கித் தந்தது. லேப்டாப் போதாது என்றால் அக்கா கொடுத்தது போதாது என்று ஆகிவிடுகிறது. அந்த வாக்கியம் மனதுக்குள்ளே கூட உருவாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவன் பவண்டோ மூடிகளோடும் செட்டிங்குகளோடும் மல்லுக்கட்டுகிறான். ஆட்டம் ஆட வேண்டும் என்ற ஆசை மூன்றாம் நாளே குறைந்துவிட்டது, கவனித்துப் படித்தால் தெரியும். மீதி நாட்கள் அவன் பாடுபடுவது அந்த லேப்டாப்பை நிரபராதி ஆக்குவதற்கு.

நாலாவது இரவு அவன் நெட்டைப் பிடுங்குகிறான். பொம்மை ஆட்களோடு ஆடுகிறான், ஒரு புகைக்குண்டை எறிகிறான், எண் ஏழுக்கு இறங்குகிறது. பழி போட வெளியே இனி ஒருவரும் இல்லை. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வரும் அக்கா, திரையைப் பார்த்து, "என்னடா, ஓடுதா?" என்கிறாள். "ஓடுது க்கா." அவள் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். புகைக்குள் அசையாமல் நிற்கும் அவன் ஆளைப் பார்த்து, "ஏன்டா நின்னுட்டே இருக்கான், ஓடச் சொல்லு" என்கிறாள்.

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் அவள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்தது, அந்த அளவுக்கு நிற்கிற வேலை. கதையில் இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில் அவள் காலை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருப்பது வருகிறது. ஆசிரியர் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. போட்டிருந்தால் கெட்டிருக்கும்.

தமிழில் எஞ்சினை, வண்டியை, கடையை, வாழ்க்கையைக்கூட 'ஓடுது' என்கிறோம். நின்றுபோகவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். நன்றாகப் போகிறதா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. தம்பி பொய் சொல்லவில்லை. அக்காவிடம் யாராவது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அடுத்த பத்தியில் திரையில் ஒரு பெட்டி முளைக்கிறது. சிவப்புக் குறி போட்டு, உங்கள் கணினி இந்த விளையாட்டை இயக்கத் தகுதியானதல்ல என்கிறது. பையன் அதை உற்றுப் பார்க்கிறான், கண் கலங்குகிறது. முதல் ஆட்சேபம் தொழில் சார்ந்தது: இப்படி ஒரு பெட்டி இந்த இடத்தில் வராது. தகுதி இருக்கிறதா என்ற சோதனை, இருந்தால், விளையாட்டு திறக்கும்போது நடக்கும். நாலு நாள் ஆடிய பிறகு, ஆட்டத்துக்கு நடுவே, இப்போதுதான் நினைவு வந்தது போல எந்த புரோகிராமும் சொல்லாது. பிரேம் ஏழுக்கு இறங்கினாலும் அது கவலைப்படாமல் ஏழு படம் வரைந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம்தான் முக்கியம். ஆசிரியருக்கு ஏன் அந்தப் பெட்டி தேவைப்பட்டது? 'அவன் தெரிந்துகொண்டான்' என்று வாசகருக்குச் சொல்ல ஒரு கணம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தக் கணம் ஏற்கெனவே நடந்துவிட்டது, நெட்டைப் பிடுங்கியபோது. அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். தானே சோதனை செய்து, தானே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்ல முடியாமல் போன உண்மையை ஒரு சிவப்புப் பெட்டி வாயில் போட்டுச் சத்தமாகச் சொல்ல வைத்ததில் பையனிடமிருந்த ஒரே சொத்தும் போய்விட்டது. கூடவே மறுப்பின் வகையும் மாறிவிட்டது. ஆறு பக்கம் கதவைத் திறந்து வைத்துக் காட்டிவிட்டு, ஏழாம் பக்கத்தில் கதவே இல்லாத சுவராக்கிவிட்டார். சுவரைப் பற்றிய கதை நம்மிடம் நிறைய உண்டு.

அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' ஞாபகம் வந்தது. சினிமாக் கம்பெனி ஆபீசில் ஒருவன் புலியாகவே மாறிக் காட்டுகிறான். அங்கே யாரும் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. எல்லோரும் இரக்கமாகத்தான் இருக்கிறார்கள், விலாசமும் இருக்கிறது. மறுப்பு என்று ஒரு சொல் விழவே இல்லை, அதனால்தான் அது இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது. இரண்டு கதையையும் பக்கத்தில் வைக்கவில்லை, நியாயமில்லை. 'இல்லை' என்று யாரும் சொல்லாத இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

பெட்டிக்குப் பிறகு ஒரு நல்ல அரைப் பக்கம் இருக்கிறது. பையன் ஸ்டீமில் துழாவி, `Betas` என்ற இடத்தில் `csgo_legacy` என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். பழைய பதிப்பை வால்வ் அங்கே விட்டு வைத்திருந்தது. அதைப் போட்டதும் ஐம்பது சொச்சம் பிரேம் திரும்பி வந்துவிடுகிறது. மவுஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் முன்பு போல வழக்கமான ஆட்டத்தில் சேர முடியாது, எல்லோரும் புதிய பக்கம் போய்விட்டார்கள். தெரிந்த அதே சந்து, அதே மரப்பெட்டி, அதே வெள்ளை மறைப்புப் புகை, எதிரில் பொம்மை ஆட்கள். அவன் அவர்களைச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். ஊரே காலி செய்துகொண்டு போன பிறகு பழைய தெருவில் சைக்கிள் விடுவது மாதிரி. (உவமை என்னுடையது, கதையில் இல்லை. கதையில் உவமையே அநேகமாக இல்லை, அந்தச் சாம்பிராணியைத் தவிர.)

கடைசிப் பக்கம் ஹாஸ்டல். 2024. பையன் பொறியியல் சேர்ந்துவிட்டான். கல்விக் கடனில் புது லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டோடு. விளையாட்டைப் போடுகிறான், 140 பிரேம் வருகிறது, புகை பட்டுப் போல விலகுகிறது, அவனுக்கு ஆட மனமில்லை, அக்காவை நினைத்துக்கொள்கிறான். எங்கள் துறை ஆட்கள் எழுதும் கதைகளில் இந்தப் பக்கம் தவறாமல் வந்துவிடுகிறது. பிறகு வேலை கிடைத்தது, பிறகு எல்லாம் வாங்கினேன், ஆனால் அந்த நாள் திரும்பவில்லை. உணர்வு பொய்யானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கம் வந்ததும் முன்னால் நடந்ததெல்லாம் நல்லபடியாக முடிந்த ஒரு கஷ்டமாக, இன்டர்வியூவில் சொல்லத் தகுந்த கஷ்டமாக மாறிவிடுகிறது. போதவில்லை என்பதை அக்காவிடம் சொல்ல முடியாத பையன் காணாமல் போய், அவள் இடத்தில் ஒரு நினைவு வந்துவிடுகிறது. அக்கா இன்னும் அதே கடையில்தான் நிற்கிறாளா என்றுகூடக் கதை சொல்வதில்லை. அந்தப் பழைய லேப்டாப் என்ன ஆனது என்றும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

இன்னொரு சின்னக் குறை. அப்பா அம்மா எங்கே என்று கதையில் ஒரு வரி கிடையாது. சொல்ல வேண்டும் என்றில்லை, ஆனால் வாடகை யார் கொடுக்கிறார்கள் என்ற அளவுக்காவது தெரிந்தால் அந்த எழுநூறு ரூபாய்க்கு எடை கூடும். பேச்சு மொழி நன்றாக வந்திருக்கிறது. விவரிப்பில் மட்டும் திடீரென்று 'விழிகள்', 'மடிக்கணினி' என்று ஏறிவிடுகிறது. பையனும் அக்காவும் ரிச்சி தெருக் கடைக்காரரும் லேப்டாப் என்று சொல்லும்போது, கதைசொல்லி மட்டும் மடிக்கணினி என்பது, அவர் அந்த வீட்டுக்குள் செருப்போடு நிற்பது மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் ஆசிரியரிடம் நேரிலும் சொன்னேன். பெட்டியை எடுத்துவிட்டதாகப் போன வாரம் புதிய பிரதி அனுப்பினார். நெட்டைப் பிடுங்கும் இடம் இப்போது ஒரு பத்தியாக வளர்ந்திருக்கிறது. கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே அவன் ஆடுகிறான், நன்றாக இருக்கிறது. ஹாஸ்டல் பக்கத்தை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "அது எனக்கு நிஜமாவே நடந்ததுண்ணா" என்றார்.

அப்படியென்றால் பழைய லேப்டாப் என்ன ஆச்சு என்று கேட்டேன். அக்கா வைத்திருக்கிறாளாம். சீரியல் பார்க்கிறாள், அதில் நன்றாக ஓடுகிறது என்றார். அடியில் அந்த மூடிகள் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம்.